எந்தக் கடை சம்பாதிக்கிறது? கிளைவாரி, பொருள்வாரி லாபக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சை வட்டாரத்தில் குடும்பமாக நடத்தும் கடைகளுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில். இரண்டாவது கிளை திறந்த முதலாளிகள் எல்லோரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் முழுவதும் ஒரே உதாரணம்தான்: ஓர் இனிப்பு, காரம், பேக்கரிக் கடை. தலைமைக் கடை தஞ்சாவூரில், கிளைகள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும். மூன்று கடைக்கும் சரக்கு செய்யும் கிச்சன் தஞ்சாவூரில். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நானே அமைத்தவை. ஒரு மாதக் கணக்கு, ஜிஎஸ்டி சேர்க்காத தொகை.

மொத்தத்தில் லாபம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கடை கடையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்?

மொத்த லாபம் பல கடைகளின் கூட்டல் கழித்தல். நம் உதாரணத்தில் மூன்று கடையும் சேர்ந்து 60 லட்சத்துக்கு விற்று, 3.80 லட்சம் லாபம் நிற்கிறது. முதலாளி உட்காருவது தஞ்சாவூர்க் கல்லாவில். கூட்டத்தைக் கண்ணால் பார்க்கிறார். அதனால் அந்தக் கடைதான் மற்ற இரண்டையும் சுமக்கிறது என்று நம்புகிறார். மன்னார்குடி சின்னக் கடை, அதை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார். இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும்போது, விற்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அதிகம் மிச்சம் பிடிப்பது மன்னார்குடிதான் என்று தெரியும். வருட முடிவில் ஆடிட்டர் தரும் லாப நஷ்டக் கணக்கில் இது எந்த வரியிலும் தெரியாது. அந்தக் கணக்கு வரிக்காகவும் வங்கிக்காகவும் போடுவது. அதில் எல்லாச் சம்பளமும் ஒரே வரி, எல்லா வாடகையும் ஒரே வரி.

லாப மையம், செலவு மையம் என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வரவும் செலவும் ஒரே இடத்தில் சந்தித்தால் அது லாப மையம். கும்பகோணம் கடை விற்கிறது, செலவும் செய்கிறது, அதனால் லாப மையம். கிச்சனுக்குச் செலவு மட்டும்தான், வெளி ஆளுக்கு எதையும் விற்பதில்லை. எனவே அது செலவு மையம். அலுவலகமும் அப்படித்தான்.

பொருள் வகையையும் லாப மையமாகப் பார்க்கலாம்: இனிப்பு, காரம், பேக்கரி. ஒரே விற்பனையைக் கடைவாரியாக ஒரு முறை, பொருள்வாரியாக இன்னொரு முறை வெட்டிப் பார்க்கிறோம். இரண்டு வெட்டுக்கும் கூட்டுத்தொகை ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு பில் இரண்டு முறை ஏறியிருக்கிறது, அல்லது விட்டுப்போயிருக்கிறது.

சரி, முதல் கணக்கை எப்படிப் போடுவது?

ஒவ்வொரு செலவையும் கையில் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கடை இல்லாவிட்டால் இந்தச் செலவு இருக்குமா? இருக்காது என்றால் அது அந்தக் கடையின் செலவு. கடை வாடகை, கடைப் பையன்கள் சம்பளம், கடை மின்கட்டணம், கார்டு மெஷின் கமிஷன், அந்தக் கடைக்கு மட்டும் ஓடும் வேன் எல்லாம் இதில் வரும். கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செலவு இருக்கும் என்றால் அது பொதுச் செலவு: கிச்சன் மாஸ்டர்கள் சம்பளம், அலுவலகம், விளம்பரம், வங்கி வட்டி. பொதுச் செலவைத் தொடாமல் தனியே வையுங்கள்.

விற்பனையில் சரக்கு அடக்கத்தையும் கடைச் செலவையும் கழித்தால் மிஞ்சுவதை நான் "கிளை மிச்சம்" என்று எழுதுவேன். பாடப்புத்தகத்தில் பங்களிப்பு என்பார்கள்.

| (லட்சம் ரூபாய்) | தஞ்சாவூர் | கும்பகோணம் | மன்னார்குடி | மொத்தம் |
|---|---|---|---|---|
| விற்பனை | 30.00 | 20.00 | 10.00 | 60.00 |
| சரக்கு அடக்கம் | 16.50 | 12.00 | 5.20 | 33.70 |
| கடைச் செலவு | 5.00 | 5.00 | 2.90 | 12.90 |
| கிளை மிச்சம் | 8.50 | 3.00 | 1.90 | 13.40 |
| பொதுச் செலவு | | | | 9.60 |
| லாபம் | | | | 3.80 |

சரக்கு அடக்கம் என்பது மூலப்பொருள், கேஸ், பேக்கிங் மட்டும். மாஸ்டர் சம்பளம் இதில் இல்லை, அது பொதுச் செலவில் இருக்கிறது. கும்பகோணத்தில் பேக்கரி அதிகம் போவதால் நூற்றுக்கு 60 அடக்கம். மன்னார்குடியில் இனிப்பும் காரமும்தான் பெரும்பாலும், அதனால் 52.

பொதுச் செலவுக் கட்டத்தில் மூன்று இடம் வெறுமையாக இருப்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

ஆடிட்டர், பொதுச் செலவையும் கடைகளுக்குப் பிரித்துப் போட்டால்தான் உண்மையான லாபம் தெரியும் என்கிறாரே?

பிரித்துப் போட்டுப் பார்ப்போம். விற்பனை விகிதத்தில் பிரித்தால் தஞ்சாவூருக்கு 4.80, கும்பகோணத்துக்கு 3.20, மன்னார்குடிக்கு 1.60. இப்போது தஞ்சாவூர் 3.70 லாபம், மன்னார்குடி 0.30 லாபம், கும்பகோணம் 0.20 நஷ்டம்.

அதே மாதம், அதே செலவு. இப்போது மூன்று கடைதானே என்று சமமாகப் பிரித்து ஆளுக்கு 3.20 போடுங்கள். தஞ்சாவூர் 5.30 லாபம், கும்பகோணம் 0.20 நஷ்டம், மன்னார்குடி 1.30 நஷ்டம். நேற்று லாபத்தில் இருந்த மன்னார்குடி இன்று பெரிய நஷ்டக் கடை ஆகிவிட்டது. அந்தக் கடையில் ஒரு லட்டுகூடக் குறைந்து விற்கவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து நாம் வகுத்த முறைதான் மாறியது. (கும்பகோணம் விற்பனையில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, அதனால் இரண்டு முறையிலும் அதற்கு ஒரே எண் வந்தது.)

ஆடிட்டர் சொல்வது விலை நிர்ணயத்துக்குப் பொருந்தும். ஒரு கிலோ மைசூர்பாக்குக்கு விலை வைக்கும்போது மாஸ்டர் சம்பளமும் அலுவலகச் செலவும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் என்று நினைவில் இருக்க வேண்டும். ஆனால் எந்தக் கடையை வைப்பது, எதை எடுப்பது என்ற முடிவுக்குப் பிரித்துப் போட்ட எண்ணை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், காரணத்தோடு பிரிக்கக்கூடியதை மட்டும் பிரியுங்கள். கிச்சனிலிருந்து எந்தக் கடைக்கு எத்தனை கிலோ போனது என்று டெலிவரி சலானில் இருக்கிறது. அதை வைத்து கிச்சன் செலவைப் பிரித்தால் ஒரு நியாயம் உண்டு. முதலாளியின் கார் செலவையும் வங்கி வட்டியையும் பிரிக்க எந்த அளவுகோலும் இல்லை. அதைக் கீழே ஒரே வரியாக விட்டுவிடுவதே நேர்மை.

அப்படியானால் நஷ்டம் காட்டும் கிளையை மூடவே கூடாதா?

மூடலாம். மூடினால் எது நிற்கும், எது நிற்காது என்று எழுதிப் பார்த்துவிட்டு மூட வேண்டும்.

கும்பகோணத்தை மூடினால் 3.00 லட்சம் கிளை மிச்சம் போய்விடும். பொதுச் செலவு 9.60 அப்படியே நிற்கும். மொத்த லாபம் 3.80-லிருந்து 0.80 ஆகும். 20 ஆயிரம் நஷ்டத்தை நிறுத்தப் போய் மாதம் 3 லட்சத்தை விட்டதாக முடியும். மூன்றில் ஒரு பங்கு விற்பனை குறைந்தால் கிச்சனில் ஒரு மாஸ்டரும் ஓர் உதவியாளும் குறைக்கலாம், அதில் 0.50 மிச்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் லாபம் 1.30-தான்.

இதே கணக்கிலிருந்து மூடுவதற்கான எல்லையும் கிடைக்கும். மூடுவதால் உண்மையில் இழப்பது 2.50. இப்போதைய கடை வாடகை 1.50 என்றால், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கட்டிடக்காரர் 4 லட்சம் கேட்கும்வரை கடையை வைத்திருப்பதே மேல். அதற்கு மேல் கேட்டால் சாவியைக் கொடுத்துவிடலாம். பேரம் பேசப் போகும்போது இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் இந்தக் கணக்கு மாறும். கிளை மிச்சமே மைனஸில் போய், அது பண்டிகை இல்லாத ஒரு மாதக் கதையாக இல்லாமல் வருடம் முழுக்க அப்படியே இருந்தால், கடையை வைத்திருக்கக் காரணம் இல்லை. அல்லது கிச்சன் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கிறது, கும்பகோணத்துக்குப் போகும் சரக்கை வேறொரு இடத்தில் அதிக மிச்சத்துக்கு விற்க முடியும் என்ற நிலை. அப்போது கும்பகோணத்தின் 3 லட்சத்தை அந்த வேறு இடத்தின் மிச்சத்தோடு ஒப்பிட வேண்டும்.

கிளை மிச்சம்கூடத் தப்பாக வருமா? எங்கே ஏமாறுகிறோம்?

நான் பார்த்தவரை பெரும்பாலும் மூன்று இடத்தில். நம் உதாரணத்தில் மூன்றும் இருக்கின்றன.

முதலாவது, சொந்தக் கட்டிடம். தஞ்சாவூர்க் கடை அப்பா காலத்தில் வாங்கிய இடம். வாடகை இல்லை, அதனால் 8.50 மிச்சம் காட்டுகிறது. அதே இடத்தை ஒரு துணிக்கடைக்கு விட்டால் மாதம் 2.50 வாடகை வரும். அந்த 2.50-ஐச் சம்பாதிப்பது கட்டிடம், வியாபாரம் அல்ல. கணக்கில் "கட்டிடம்" என்று தனி வரி வைத்து அங்கே 2.50 வரவு போட்டு, கடைக்கு 2.50 வாடகைச் செலவு போடுங்கள். இது உள்கணக்கு மட்டும், வரிக் கணக்கில் ஏறக் கூடாது. தஞ்சாவூர் இப்போது 6.00.

இரண்டாவது, ரிட்டர்ன். விற்காமல் திரும்பும் பன், பப்ஸ், கேக் எல்லாம் மாலை வேனில் கிச்சனுக்கு வருகிறது. கிச்சன் ஆள் அதை எண்ணாமல் கழிவில் கொட்டுகிறார். செலவு கிச்சன் தலையில், அதாவது பொதுச் செலவில். ஒரு மாதம் எண்ணச் சொன்னால் கும்பகோணத்திலிருந்து மட்டும் அடக்க விலையில் 60 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு திரும்பியிருக்கிறது. அந்தக் கடை மேனேஜர் ரேக் நிறைந்து இருக்க வேண்டும் என்று தினமும் கூட்டி ஆர்டர் போட்டார். அவர் கணக்கில் அது வராதவரை அவருக்குக் குறைக்கக் காரணமே இல்லை. இப்போது கும்பகோணம் 3.00-லிருந்து 2.40 ஆகிறது, பொதுச் செலவு 9.60-லிருந்து 9.00 ஆகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வாரம் ஒரு நாள், பத்து முக்கியப் பொருளுக்கு மட்டும்: காலை இருப்பு, கூட்டல் வந்தது, கழித்தல் இரவு இருப்பு. மிஞ்சுவது பில்லில் விற்ற எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். இடைவெளி இருந்தால் அது ரிட்டர்ன், ருசி பார்க்கக் கொடுத்தது, உடைந்தது, அல்லது பில் போடாமல் போனது. எந்தக் கடையில் இடைவெளி எப்போதும் பெரிதோ அங்கே முதலில் போய் நில்லுங்கள்.

மூன்றாவது, ஆர்டர் யார் கணக்கில் ஏறுகிறது என்பது. கல்யாணச் சீர் பட்சணம், நிச்சயதார்த்தத்துக்கு இனிப்பு என்று வரும் பெரிய ஆர்டரை முதலாளியே போனில் எடுக்கிறார். கேட்டவர் கும்பகோணத்துக்காரர், அந்தக் கடையில் மாதிரி பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார், டெலிவரியும் அந்தக் கடை வேனில்தான் போகிறது. பில் மட்டும் தஞ்சாவூரில். இப்படி மாதம் 2 லட்சம் விற்பனை. நூற்றுக்கு 55 அடக்கம் போனால் 0.90 மிச்சம் இடம் மாறியிருக்கிறது. வேன் செலவு ஏற்கெனவே கும்பகோணத்தில் ஏறிவிட்டதால் அதைத் தொட வேண்டாம்.

மூன்றையும் சரிசெய்தால்: தஞ்சாவூர் 28 லட்சம் விற்பனைக்கு 5.10 மிச்சம், நூற்றுக்கு 18 சொச்சம். கும்பகோணம் 22 லட்சத்துக்கு 3.30, நூற்றுக்கு 15. மன்னார்குடி 10 லட்சத்துக்கு 1.90, நூற்றுக்கு 19. கட்டிடத்தின் 2.50-ஐயும் சேர்த்துக் கூட்டி 9.00 பொதுச் செலவைக் கழித்தால் அதே 3.80. மொத்தம் ஒரு பைசா மாறவில்லை. ஆனால் தஞ்சாவூர் 8.50, கும்பகோணம் 3.00 என்று இருந்த இடைவெளி எவ்வளவு குறைந்துவிட்டது பாருங்கள்.

கிச்சனிலிருந்து கடைக்குப் போகும் சரக்குக்கு எந்த விலை போடுவது?

வருட ஆரம்பத்தில் கணக்கிட்டு வைத்த நிலையான அடக்க விலை. அந்தந்த மாதம் உண்மையில் ஆன விலையை அப்படியே தள்ளாதீர்கள். ஏன் என்றால், கிச்சனில் நடக்கும் தப்புக்குக் கடைக்காரர் பொறுப்பாகிவிடுவார்.

மைசூர்பாக் கிலோ 440 ரூபாய் என்று நிலை விலை வைத்திருக்கிறோம். ஒரு மாதம் 1,200 கிலோ செய்ததில் உண்மையில் கிலோவுக்கு 465 ஆகிவிட்டது. கடைகளுக்கு 440-க்கே போகும். மிச்சம் 25 ரூபாய், 1,200 கிலோவுக்கு 30 ஆயிரம், கிச்சன் கணக்கில் வித்தியாசமாக நிற்கும். அதைத் திறந்து பார்க்கிறோம். நெய் விலை ஏறியதில் 18 ரூபாய், பாகு பதம் தப்பி வீணானதிலும் நெய் கூடப் போனதிலும் 7 ரூபாய். அந்த 18 யார் தப்பும் இல்லை, விற்பனை விலையை ஏற்றலாமா என்று முதலாளி யோசிக்க வேண்டியது. 7 ரூபாய் மாஸ்டரோடு பேச வேண்டியது. மொத்தமும் கடைகள் தலையில் போயிருந்தால், மூன்று மேனேஜரும் தங்கள் மிச்சம் ஏன் குறைந்தது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருப்பார்கள்.

கிச்சனையும் லாப மையமாக்கி, லாபம் வைத்துக் கடைக்கு விற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கிச்சன் வெளி ஆட்களுக்கும், அதாவது மற்ற கடைகளுக்கோ கேட்டரிங்காரர்களுக்கோ, விற்றால் அது பொருந்தும். வெளி ஆளுக்கு என்ன விலையோ அதுவே உள்விலை என்று வைக்கலாம். வெளி விற்பனையே இல்லாத கிச்சனுக்கு லாபம் வைப்பது, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவதுதான். அதிலும் மாதக் கடைசியில் கடையில் விற்காமல் இருக்கும் சரக்குக்குள் கிச்சன் லாபம் ஒளிந்திருக்கும், அதைக் கழிக்க மறந்தால் மொத்த லாபமே கூடுதலாகக் காட்டும்.

அடுத்து காரைக்காலில் கிளை திறக்க இருக்கிறோம். அதற்கும் இதே கணக்குதானா?

லாபக் கணக்கு இதேதான். ஜிஎஸ்டி மட்டும் வேறு. தமிழ்நாட்டுக்குள் ஒரே பதிவு எண்ணில் இருக்கும் கடைகளுக்குச் சரக்கு அனுப்ப வரி இல்லை. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே தனிப் பதிவு எடுக்க வேண்டும், சட்டத்தின் கண்ணில் அது தனி நபர். காசு வாங்காமல் உங்கள் சொந்தக் கடைக்கே அனுப்பினாலும் அது விற்பனை போலத்தான், பில் போட்டு வரி கட்ட வேண்டும். காரைக்கால் கடை அந்த வரியை முழுசாக உள்ளீட்டு வரவாக எடுக்க முடியும் என்றால், பில்லில் நீங்கள் போட்ட விலையையே விதி 28 ஏற்றுக்கொள்கிறது. எனவே நிலை அடக்க விலையில் பில் போடுவதில் தடையில்லை.

பொருள்வாரியாகப் பார்த்தால் இனிப்பில்தான் கிலோவுக்கு அதிக மிச்சம். காரத்தைக் குறைத்துவிடலாமா?

எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. மைசூர்பாக் கிலோ 800-க்கு விற்று, 440 அடக்கம் போக 360 மிச்சம். மிக்சர் 320-க்கு விற்று, 180 போக 140 மிச்சம். சாதாரண மாதத்தில் கிச்சனில் அடுப்பு பாதி நேரம் சும்மா இருக்கிறது. அப்போது ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை, கேட்கிற இரண்டையும் செய்து விற்கலாம்.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா அடுப்பும் இரவு பகலாக எரிகிறது, ஆர்டர் திருப்பி அனுப்புகிறோம். இப்போது பற்றாக்குறை அடுப்பு நேரம். ஒரு அடுப்பில் ஒரு மணி நேரத்தில் மைசூர்பாக் 8 கிலோ வருகிறது, மிக்சருக்கான சாமான் 25 கிலோ பொரிகிறது என்றால், மைசூர்பாக் அந்த மணிக்கு 2,880 ரூபாய் தருகிறது, மிக்சர் 3,500 தருகிறது. கிலோக் கணக்கில் தோற்ற காரம் அடுப்புக் கணக்கில் ஜெயிக்கிறது. உங்கள் கிச்சனில் எத்தனை கிலோ வருகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள், மாஸ்டர் வாய்க்கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பேக்கரியில் வேறு சிக்கல். 12 லட்சம் விற்பனையில் மூலப்பொருள் 7.40, பேக்கரி மாஸ்டரும் ஓவனும் 2.00, திரும்பி வந்த 0.60 போக 2.00 நிற்கிறது. நூற்றுக்கு 17கூட இல்லை. நிறுத்திவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் ஒரு வாரத்து பில்களை எடுங்கள். பேக்கரிப் பொருள் உள்ள பில்களில் எத்தனையில் இனிப்போ காரமோ சேர்ந்திருக்கிறது? மூன்றில் ஒன்று அப்படி இருந்தால், கேக் வாங்க வந்தவர்தான் அரைக் கிலோ மிக்சரும் வாங்கிப் போகிறார். அந்த மிக்சரின் மிச்சத்தில் ஒரு பகுதி பேக்கரி கொண்டுவந்தது. எவ்வளவு பகுதி என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஒரு கிளையில் மட்டும் ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்பது எந்தக் கணக்கையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

டேலியில் இதைச் செய்ய முடியுமா? தனி சாப்ட்வேர் வாங்க வேண்டுமா?

டேலியே போதும். `F11`-இல் `Enable Cost Centres` என்பதற்கு `Yes` கொடுங்கள். அப்புறம் இரண்டு `Cost Category` உருவாக்குங்கள், ஒன்று கிளை, ஒன்று பொருள் வகை. இரண்டு வகை இருந்தால் ஒரே பில்லை இரண்டு விதமாகவும் பிரிக்கலாம். கிளையின் கீழ் மூன்று கடையோடு கிச்சன், கட்டிடம், பொது என்றும் மையங்கள் வையுங்கள். "பொது" கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பில் போடும் பையன் எங்கே போடுவது என்று தெரியாத செலவை எல்லாம் தஞ்சாவூரில் போட்டுவிடுவான். பார்க்கும் இடம்:

```
Display More Reports > Statements of Accounts > Cost Centres
```

ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கிச்சனிலிருந்து கடைக்குச் சரக்கு மாற்ற `Stock Journal` போடுவோம். அது இருப்பை மட்டும்தான் மாற்றும், எந்த லெட்ஜரையும் தொடாது. அதனால் மையக் கணக்கில் கிச்சன் முழுக்கச் செலவாகவும் கடைகள் முழுக்க லாபமாகவும் தெரியும். இதற்கு "உள் சரக்கு மாற்றம்" என்று ஒரு லெட்ஜர் வைத்து, மாதம் ஒரு ஜர்னல் போடுங்கள்: அதே லெட்ஜர் பற்று, மையம் கும்பகோணம்; அதே லெட்ஜர் வரவு, மையம் கிச்சன். லெட்ஜர் மொத்தம் பூஜ்யம், மையங்கள் மட்டும் சரியாகும். மாதக் கடைசி இருப்பையும் மையக் கணக்கு தானாகக் கழிக்காது, கடைவாரி இருப்பெடுத்து எக்செலில் சரிசெய்ய வேண்டும்.

முடித்ததும் எல்லா மையங்களின் கூட்டுத்தொகையையும் லாப நஷ்டக் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத கணக்கை யாரிடமும் காட்ட வேண்டாம்.

மேனேஜருக்கு இந்தக் கிளை மிச்சத்தை வைத்து இன்சென்டிவ் கொடுக்கலாமா?

வாடகையைக் கழிக்கும் முன்னால் உள்ள எண்ணை வைத்துக் கொடுங்கள். வாடகை ஒப்பந்தம் போட்டது முதலாளி, மேனேஜர் அதில் எதுவும் செய்ய முடியாது. விற்பனை, ரிட்டர்ன், ஆள் எண்ணிக்கை, மின்சாரம் அவர் கையில் இருக்கிறது. ஆக, கடையை மதிப்பிட ஓர் எண், மேனேஜரை மதிப்பிட ஓர் எண். ரிட்டர்னைச் சேர்க்காமல் விற்பனைக்கு மட்டும் இன்சென்டிவ் கொடுத்தால், ரேக் நிறைய நிறையக் கழிவும் நிறையும்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் வெளியிடும் "செக்மென்ட்" அறிக்கையும் இதுவேதானா?

அடிப்படை அதேதான், ஆனால் அங்கே அது சட்டக் கட்டாயம். இந்தியாவில் இண்ட் ஏஎஸ் 108 என்ற தரநிலை அதைச் சொல்கிறது. நிர்வாகத்தின் மேல்மட்டம் எந்தப் பிரிவு வைத்துக் கணக்குப் பார்க்கிறதோ, அதே பிரிவை வெளியேயும் காட்ட வேண்டும். விற்பனையிலோ, லாப நஷ்டத்திலோ, சொத்திலோ 10 சதவீதத்தைத் தொடும் பிரிவைத் தனியாகக் காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டியவை சேர்ந்து வெளி விற்பனையில் 75 சதவீதத்தை எட்ட வேண்டும். நம் மாதிரிக் கடைகளுக்கு இது பொருந்தாது.

ஆனால் படித்துப் பார்க்க நல்ல பாடம். டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஓசூரில் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் முடிவுகளைப் பாருங்கள். கைக்கடிகாரம், நகை, கண்ணாடி என்று பிரிவுகள் இருக்கும், அதோடு எந்தப் பிரிவுக்கும் பகிராத கார்ப்பரேட் என்று ஒரு வரியும் இருக்கும். அவ்வளவு பெரிய கம்பெனியே எல்லாப் பொதுச் செலவையும் வலிந்து பிரித்துப் போடவில்லை.

எத்தனை மாதம் பார்த்துவிட்டு ஒரு கிளையைப் பற்றி முடிவெடுக்கலாம்?

இனிப்புக் கடைக்குப் பன்னிரண்டு மாதம். ஆடியில் கல்யாணம் இல்லை, சீர் ஆர்டர் இல்லை. மார்கழியும் அப்படித்தான். ஐப்பசியில் வருடத்தின் பெரிய விற்பனை. எனவே ஒவ்வொரு மாதமும் கடைசிப் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையைப் பாருங்கள், தனி மாதத்தை முந்தைய வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். தீபாவளி ஒரு வருடம் அக்டோபரிலும் மறு வருடம் நவம்பரிலும் வருவதால் அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

புதுக் கிளை என்றால் போட்ட பணத்துக்கான வட்டியையும் ஒரு வரியாகச் சேருங்கள். அட்வான்ஸ் 15 லட்சம், ஷோகேஸும் ஏசியும் 20 லட்சம், வட்டி வருடம் 12 சதவீதம் என்றால் மாதம் 35 ஆயிரம். முதல் ஆறு மாதம் அந்த 35 ஆயிரத்தைக்கூட எடுக்காத கடைகள் நிறைய உண்டு. அப்போது விற்பனையைவிட, மாதா மாதம் ரிட்டர்ன் குறைகிறதா, அதே வாடிக்கையாளர் திரும்ப வருகிறாரா என்று நான் பார்ப்பேன்.